‘பார்க்கலாம்’ என்று சொன்னால் நோட்டீஸில் பெயர் வந்துவிடும்

கேள்வி: கோத்தகிரி பஜாரில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். நம்ம ஏரியா பசங்க ஏப்ரலில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடத்துகிறார்கள். முதல் பரிசு 15,000 ரூபாய் நான் தரணுமாம். ‘பார்க்கலாம்பா’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதே மாதம் மாரியம்மன் திருவிழா கமிட்டியும் ஒரு நாள் உபயம் எடுத்துக்கச் சொல்கிறது. இரண்டும் என்னால் முடியாது. தினமும் கடைக்கு வருகிறவர்கள். மனஸ்தாபம் இல்லாமல் எப்படிச் சொல்வது?

பதில்:

முதலில் அந்த ‘பார்க்கலாம்பா’வைத் திரும்ப வாங்குங்கள். இன்று சாயங்காலமே செய்துவிடுவது நல்லது. நீங்கள் ‘இல்லை’ என்பதை மரியாதையாகச் சொன்னதாக நினைக்கிறீர்கள். அவர்கள் நோட்டில் உங்கள் கடைப் பெயருக்கு நேராக 15,000 என்று எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார்கள். நான்கு நாள் கழித்து யாராவது ‘அந்த அண்ணன் ஓகேவா?’ என்று கேட்கும்போது, ‘பார்க்கலாம்னு சொன்னாருடா, கொடுத்துருவாரு’ என்ற பதிலில் கேள்விக்குறி அழிந்துவிடும். அடுத்து நோட்டீஸ் அச்சுக்குப் போகும். ஸ்பான்சர் விஷயத்தில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. மறுத்ததற்காக வந்த சண்டையைவிட, மறுத்தது அவர்கள் காதில் விழாததால் வந்த சண்டைதான் அதிகம்.

அவர்கள் ஏன் உங்களையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்பது அவர்கள் பக்கக் கணக்கைப் போட்டால் புரியும். உதாரணத்துக்கு 24 டீம், டீமுக்கு ஆயிரம் ரூபாய் நுழைவுக் கட்டணம் என்று வையுங்கள். வரவு 24,000. முதல் பரிசு 15,000, இரண்டாம் பரிசு 10,000, கோப்பைகள் 5,000. நாக் அவுட்டில் 24 டீம் என்றால் 23 மேட்ச். அத்தனைக்கும் பந்து, அம்பயர் படி எல்லாம் சேர்த்து ஒரு 7,000. மைக் செட், பந்தல், சாப்பாடு, நோட்டீஸ் இன்னொரு 8,000. ஆக செலவு 45,000, துண்டு 21,000. இந்தத் துண்டில் பெரும் பகுதியை அடைப்பது முதல் பரிசு ஸ்பான்சர்தான். அதாவது அவர்களுக்கு நீங்கள் விளம்பரம் கொடுக்கிற ஒருத்தர் இல்லை, டோர்னமென்ட் நடக்குமா நடக்காதா என்பதை முடிவு செய்கிறவர்.

இதிலிருந்துதான் எப்போது சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது. மூன்று வாரம் முன்னால் ‘இல்லை’ என்று தெரிந்தால் அவர்களுக்கு வழி இருக்கிறது. 15,000-ஐ மூன்று பேரிடம் ஐந்தைந்தாயிரமாகப் பிரிக்கலாம், பரிசுத் தொகையையே 10,000 ஆக்கலாம். நோட்டீஸ் அடித்து குன்னூர், ஊட்டி, கூடலூர் டீம்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் போன பிறகு தெரிந்தால் ஒரு வழியும் இல்லை. அறிவித்த பரிசைக் குறைத்தால் வெளியூர் டீம்காரன் மைதானத்திலேயே தகராறு செய்வான். அந்தக் கோபம் முழுக்க உங்கள் மேல் திரும்பும், அதில் நியாயமும் இருக்கும். ஆகவே நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தேதி நோட்டீஸ் அச்சுக்குப் போகும் தேதி. மேட்ச் என்றைக்கு என்பது உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை.

யாரிடம் சொல்வது என்பது அடுத்தது. ஐந்து மணிக்கு டீ நேரத்தில் நாலைந்து பேர் ரசீது புத்தகத்தோடு கல்லா முன்னால் வந்து நிற்பார்கள். கடையில் ஆள் இருக்கும். அந்த இடத்தில் ‘முடியாது’ என்றால் பசங்களுக்கு முகம் விழும். ‘சரி’ என்றால் உங்களுக்குப் பணம் போகும். இரண்டும் வேண்டாம். ‘தம்பி, இப்ப கூட்டமா இருக்கு. செகரட்டரி மட்டும் எட்டு மணிக்கு, கடை சாத்துற நேரத்துல வரட்டும், பதில் சொல்லிடறேன்’ என்று சொல்லுங்கள். இது தள்ளிப்போடுவது ஆகாது, ஏனென்றால் நேரத்தையும் ஆளையும் நீங்களே குறித்துவிட்டீர்கள். தனியாக வருகிறவன் கேட்டுக்கொள்வான். நாலு பேர் முன்னால் நிற்கிறவனுக்கு விட்டுக்கொடுக்க வழி இருக்காது.

ரசீது புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம். முதல் இரண்டு பக்கத்தில் 5001, 10001 என்று பெரிய கடைகளின் பெயர் இருக்கும். அதைக் காட்டித்தான் பேச்சு ஆரம்பிக்கும். எழுதினது வேறு, வசூலானது வேறு. கிழித்துக் கொடுத்த ரசீதா, அடிக்கட்டையோடு ஒட்டிக்கொண்டே இருக்கிற ரசீதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் பணம் இன்னும் வரவில்லை. அதைப் பார்த்து நீங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

இப்போது என்ன காரணம் சொல்வது? ‘வியாபாரம் டல்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மலையில் அந்தக் காரணம் நிற்காது. ஏப்ரல், மே சீசனில் உங்கள் கடை வாசலில் டூரிஸ்ட் வண்டி நிற்பதை அந்தப் பசங்களே தினமும் பார்க்கிறார்கள். ஜூனில் சமவெளியில் பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் இறங்கிப் போன பிறகு, வாடகையும் மாஸ்டர் சம்பளமும் அதேபடி இருக்க, கல்லா பாதியாவதை யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் பார்க்காத ஒன்றைக் காரணமாகச் சொன்னால் பொய் போலத்தான் கேட்கும். ‘வீட்டில் கேட்கணும்’, ‘பார்ட்னர் ஒத்துக்க மாட்டார்’ என்பதும் ஆகாது. அடுத்த நாள் அவர்கள் வீட்டுக்கே வருவார்கள்.

நிற்கக்கூடிய காரணம் ஒன்றுதான்: வருஷத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டேன், அது முடிந்துவிட்டது. இதைச் சொல்வதற்கு அது உண்மையாக இருக்க வேண்டும், ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் அளவு கடைக்கு வருஷத்துக்கு 12,000 என்று எடுத்துக்கொள்வோம். மாரியம்மன் திருவிழாவுக்கு 3,000, சொந்த ஊர்க் கோயிலுக்கு 2,000, பள்ளி ஆண்டு விழாவுக்கு 1,500, விநாயகர் சதுர்த்திக்கும் ஆயுத பூஜைக்கும் சேர்த்து 2,500, கிறிஸ்துமஸ் கேரல் வருகிறவர்களுக்கு 1,000, திடீரென்று யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் 2,000. பன்னிரண்டும் முடிந்தது. இதில் 15,000 எங்கேயும் நுழையாது என்பதைப் பார்க்கிறவருக்கே தெரியும். அந்த நோட்டைக் கல்லாவுக்கு அடியில் வையுங்கள், கேட்டால் எடுத்துக் காட்டலாம். காட்ட வேண்டிய நிலை அநேகமாக வராது. ஆனால் எழுதி வைத்தவர் பேசும்போது குரல் தடுமாறாது.

கூடவே உங்களுக்காக ஒரு கணக்கு. பேக்கரியில் செலவெல்லாம் போக நூற்றுக்கு 20 ரூபாய் நிற்கிறது என்றால், 15,000-ஐத் திரும்ப எடுக்க 75,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும். மூன்று நாள் மைதானத்தில் நிற்கிற ஒரு பேனர் அவ்வளவு வர்க்கியும் கேக்கும் விற்றுத் தராது. எதிர்க் கடைக்காரர் ஸ்பான்சர் எடுத்துக்கொண்டால் வியாபாரம் அங்கே போய்விடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கிறவன் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் எந்தக் கடையில் வர்க்கி சூடாக இருக்கிறதோ அங்கேதான் வாங்குவான். பேனர் விஷயத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. அனுமதி வாங்காமல் ரோட்டோரம் கட்டிவிட்டால், கேட்க வருகிறவர்கள் முதலில் தேடுவது அதில் பெரிய எழுத்தில் இருக்கிற கடைப் பெயரைத்தான்.

‘கணக்கில் காட்டிக்கலாம்ணா, டாக்ஸ் குறையும்’ என்று யாராவது சொல்வார்கள். வரிவிலக்கு கிடைக்கும் நன்கொடை என்றால் வாங்குகிற அமைப்பு வருமான வரித் துறையில் அதற்கென்று பதிவு செய்திருக்க வேண்டும். ஏரியா கிரிக்கெட் டீமுக்கு அந்தப் பதிவு இருக்கப் போவதில்லை. இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. விளம்பரச் செலவாக எழுதலாம், அதற்கு பில் வேண்டும். சின்ன வியாபாரிகளுக்கான உத்தேச லாப முறையில் ரிட்டர்ன் போடுகிறவர் என்றால் அதுவும் பயனில்லை, தனிச் செலவு எதையும் அங்கே கழிக்க முடியாது.

சரி, எட்டு மணிக்கு செகரட்டரி வந்துவிட்டான். பேச்சு இப்படி இருந்தால் போதும்:

‘தம்பி, அன்னைக்கு பார்க்கலாம்னு சொன்னது என் தப்பு. நேரா சொல்லியிருக்கணும். முதல் பரிசு என்னால முடியாது. வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒதுக்கி வச்சிருக்கேன், அது கோயில், ஸ்கூல்னு முழுசா போயிடுச்சு. நோட்டீஸ்ல என் கடை பேரைப் போட்டுடாதீங்க. நீங்க வேற ஆளப் பாக்கணும்னுதான் இப்பவே சொல்றேன்.’

இதில் நான்கு விஷயம் இருக்கிறது: பழைய பேச்சைத் திரும்ப எடுத்தது, முடியாது என்ற சொல், ஒரே ஒரு காரணம், நோட்டீஸில் பெயர் வேண்டாம் என்பது. இதற்கு மேல் சொல்லும் ஒவ்வொரு காரணமும் பேரம் பேச ஒரு வாசல். ‘மிஷின் வேற ரிப்பேர்’ என்றால் ‘அடுத்த மாசம் கொடுங்கண்ணா’ என்று வரும். ‘பையனுக்கு ஃபீஸ் கட்டணும்’ என்றால் ‘பாதியாவது போடுங்க’ என்று வரும். ‘இந்த வருஷம் முடியாது’ என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். அடுத்த வருஷம் முதல் பெயர் உங்களுடையதாக எழுதப்படும்.

அவன் கட்டாயம் இறங்கி வருவான்: ‘சரிண்ணா, ஒரு ஐயாயிரம்?’ முதலில் மூன்று மடங்கு கேட்டுப் பிறகு இறங்குவது வசூலின் பழைய வழக்கம். 15,000 கேட்ட இடத்தில் 5,000 சலுகை போலத் தெரியும், ஆனால் உங்கள் நோட்டில் அதுவும் இல்லை. ‘தொகை பெருசுங்கறதால இல்ல தம்பி, ஒதுக்கினது தீர்ந்துடுச்சு’ என்று அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லுங்கள். புது வாக்கியம் தேட வேண்டாம்.

பணம் இல்லாமல் பொருளாக ஏதாவது கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். ஆனால் எண்ணிக்கை சொல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது. ‘டீயும் வர்க்கியும் நான் பார்த்துக்கறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். 24 டீம், டீமுக்கு 11 பேர் என்றால் ஆட்டக்காரர்களே 264 பேர். ரிசர்வ் ஆட்கள், கமிட்டி, வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் தட்டோடு வருவார்கள், மூன்று நாளும் வருவார்கள். முடிவில் 15,000-ஐத் தாண்டிவிடும், பரிசு கொடுத்த பெயரும் கிடைக்காது. அதற்குப் பதில், ‘ஃபைனல் அன்னைக்கு காலைல 60 பன், நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லுங்கள். அரையிறுதிக்கு வந்த நாலு டீமுக்கு 44, அம்பயர், ஸ்கோரர், கமிட்டிக்கு மீதி. எண், நாள், யார் எடுத்துப் போவது என்ற மூன்றும் சொல்லியாயிற்று. மனசு இருந்தால் மட்டும் செய்யுங்கள். மறுப்பதற்குப் பிராயச்சித்தமாகச் செய்ய வேண்டியதில்லை. 200, 500 என்று சில்லறை கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. 15,000 கேட்ட இடத்தில் 500 கொடுத்தால் ‘ஐந்நூறு ரூபாய்க் கடை’ என்றுதான் மைதானத்தில் பேச்சு ஓடும்.

அவன் போன பிறகு, அன்று இரவே வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிடுங்கள். வாய்ப்பேச்சு கமிட்டிக்குள் நாலு வாய் மாறும், எழுதினது மாறாது. இப்படி அனுப்பலாம்: ‘தம்பி, பேசினபடி முதல் பரிசு என் கடை சார்பாக இல்லை. நோட்டீஸில் பேர் வேண்டாம். ஃபைனல் அன்று 60 பன் மட்டும். மேட்ச் நல்லபடியா நடக்கட்டும்.’ கமிட்டி குரூப்பில் போடாமல் செகரட்டரிக்கு மட்டும் அனுப்புங்கள்.

இனி திருவிழா. இதைக் கிரிக்கெட்டோடு சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிடாதீர்கள், இரண்டும் வேறு. கோயில் விஷயத்தில் வரி ஒன்று, உபயம் வேறொன்று. பஜாரில் கடைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் பொதுவாகப் போடுகிற வரியைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். அதை மறுத்தால் அந்த ஊரோடு உள்ள ஒட்டே அறுந்தது போல எடுத்துக்கொள்வார்கள். உபயம் என்பது ஒரு நாள் பூஜை, அலங்காரம், அன்னதானம், மேளம் ஆகியவற்றின் செலவை ஒருவரோ ஒரு சமூகமோ ஒரு சங்கமோ ஏற்றுக்கொள்வது. இதை மறுப்பதில் குறையே இல்லை. ஏனென்றால் இதை எடுத்தால் ஒரு வருஷத்தோடு முடியாது. அழைப்பிதழில் ‘மூன்றாம் நாள் உபயம்’ என்று உங்கள் பெயர் ஒரு முறை வந்துவிட்டால், அடுத்த வருஷ அழைப்பிதழை அந்தப் பழைய அழைப்பிதழைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். பெயர் தானாகத் தொடரும். அரிசி விலையும் மேளக்காரர் கூலியும் ஏறினால் அந்த ஏற்றமும் உங்களுடையது. எடுத்த உபயத்தை நடுவில் விட்டால் எடுக்காமல் இருந்ததைவிட அதிகம் பேச்சு வரும். ‘அம்மன் காரியத்தை விட்டுட்டார்’ என்பார்கள்.

கமிட்டித் தலைவர் வயதில் பெரியவராகத்தான் இருப்பார். அவரைக் கடைக்கு வரவழைக்காமல் நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். போகும்போது வரிப் பணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், முதலில் அதைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டுப் பேசுங்கள். ‘ஐயா, எங்க கடை வரி இது. உபயம் எடுத்தா வருஷா வருஷம் குறையில்லாம செய்யணும், பாதில விடக்கூடாது. அந்த அளவுக்கு எனக்குச் சக்தி இல்லீங்க. வேற யாருக்காவது குடுத்துடுங்க’ என்றால் போதும். பெரியவர்களுக்கு இந்தக் காரணம் உடனே விளங்கும், ஏனென்றால் பாதியில் விட்டவர்களால் அவர்கள்தான் பட்டிருக்கிறார்கள். பூச்சாட்டுக்கு முன்னால், அழைப்பிதழ் எழுதும் முன்பே இது நடந்துவிட வேண்டும். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் கோயில் அலுவலக ரசீதையே கேட்டு வாங்குங்கள். கமிட்டி தனியாக அடித்த புத்தகத்தில் கிழித்துத் தருவது கோயில் ரசீது ஆகாது.

மறுத்த பிறகு கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். இந்த ஏரியா பசங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதம் கழித்து சொந்த ஊர் ஹட்டி டீமோ மச்சான் டீமோ கேட்டபோது ஒரு கோப்பை வாங்கிக் கொடுப்பது. கோத்தகிரி அளவு ஊரில் அது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். அதோடு ‘ஒதுக்கினது முடிஞ்சுது’ என்ற வாக்கியமும் செத்துவிடும். கிரிக்கெட்டுக்கு இல்லை என்றால் அந்த வருஷம் எந்த கிரிக்கெட்டுக்கும் இல்லை. பசங்க ஒரு வாரம் முகம் கொடுக்காமல் எதிர்க் கடையில் டீ குடிக்கலாம். அதைப் பற்றிக் கேட்கவும் வேண்டாம், மறுபடி விளக்கவும் வேண்டாம். ஃபைனல் அன்று அரை மணி நேரம் போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

‘கடை எப்படி நடத்தறீங்கன்னு பார்க்கலாம்’ என்கிற தொனியில் யாராவது பேசினால் அது வசூல் இல்லை, மிரட்டிப் பணம் பறிப்பது. உடனே பதிலுக்குப் பேசாமல், யார், எப்போது, என்ன சொன்னார் என்று எழுதி வைத்துக்கொண்டு வணிகர் சங்க நிர்வாகியிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்துப்பூர்வமான புகார்.

இவ்வளவுக்கும் முன்பே நோட்டீஸ் அச்சாகிவிட்டது, உங்கள் பெயர் அதில் இருக்கிறது என்றால்? நீங்கள் ‘முடியாது’ என்று தெளிவாகச் சொல்லியும் போட்டிருந்தால் உங்களுக்குக் கடன் இல்லை. ‘பார்க்கலாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதித் தப்பு உங்களுடையது. அப்போது நோட்டீஸ் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டு இன்னும் பிரிக்காமல் இருந்தால், பெயர் மேல் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கும் செலவை அல்லது மறு அச்சுச் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாயிலோ ஓரிரண்டாயிரத்திலோ முடிந்துவிடும். வாட்ஸ்அப்பில் மட்டும் போயிருந்தால் திருத்திய படத்தை அதே குரூப்களில் அவர்களே போட வேண்டும், நீங்கள் போய்ப் போடாதீர்கள். சுவரெல்லாம் ஒட்டி வெளியூருக்கும் போய்விட்டது என்றால், நீங்களே செகரட்டரியோடு இரண்டு கடை ஏறி, ஐந்தைந்தாயிரம் தரக்கூடிய மூன்று பேரைப் பிடித்துக் கொடுங்கள். பரிசளிப்பு அன்று மைக்கில் அந்த மூன்று பெயரையும் படிக்கச் சொல்லிவிடுங்கள்.